ஆரா, ஆறா? ஒரு கூப்பன் கோடின் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்த கதை

டீத்தூள் பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதில் எட்டு எழுத்துக் கோடு ஒன்று அச்சாகியிருக்கும். கம்பெனியின் பக்கத்தில் அதைத் தட்டினால் 20 ரூபாய் கணக்கில் ஏறும். முதல் சுற்றுக் கோடுகளை வேறு ஒருவர் தயாரித்துக் கொடுத்திருந்தார். A முதல் Z வரை, 0 முதல் 9 வரை, மொத்தம் 36 எழுத்துகளிலிருந்து குலுக்கி எடுத்த எட்டு. பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் உதவி எண்ணுக்கு வந்த அழைப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்தான்: "சீட்டுல இருக்கறதைத்தான் அப்படியே போட்டேன், தப்புன்னு வருதும்மா."

அடுத்த சுற்றுக்கு 5 லட்சம் கூப்பன் வேண்டும் என்று வேலை என்னிடம் வந்தது. அந்தச் சுற்றை எப்படி அமைத்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், பழைய கோடுகளில் குழப்பம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0, O, 1, I என்ற நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 36-ல் 4 என்றால் ஒன்பதில் ஒன்று. எட்டு எழுத்திலும் இந்த நான்கில் எதுவுமே வராமல் தப்பிக்கும் வாய்ப்பு (8/9)⁸, அதாவது நூற்றுக்கு 39. மீதி 61 கோடுகளில் இவற்றில் ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். S-5, Z-2, B-8, G-6 ஆகிய ஜோடிகளையும் சேர்த்தால் குழப்பமான எழுத்து 12 ஆகிறது. அப்போது தப்பிப்பவை (2/3)⁸, நூற்றுக்கு 4 கூடத் தேறாது. ஆக, 'சில கோடுகளில் சிக்கல்' என்பது சரியான விவரிப்பே இல்லை. கிட்டத்தட்ட எல்லாச் சீட்டிலும் ஒரு பொறி இருந்தது. அதில் யார் விழுந்தார்கள், யார் தப்பினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சீட்டிலிருந்து விரலுக்கு, வாயிலிருந்து காதுக்கு

எந்த எழுத்தை விடலாம் என்பதை ரசனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தக் கோடு எந்த வழியாகப் பயணம் போகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு வழிகள் இருந்தன. பெரும்பாலானவர்கள் சீட்டைப் பார்த்து போனில் தட்டுகிறார்கள். தட்ட முடியாதவர்கள் உதவி எண்ணை அழைத்து வாயால் சொல்கிறார்கள்.

முதல் வழியில் எதிரி அச்சு. இந்தச் சீட்டுகளில் கோடு மட்டும் இன்க்ஜெட்டில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 7 புள்ளி. இந்தக் கட்டத்தில் வழக்கமாக வரையும் வடிவத்தில் O-வுக்கும் D-க்கும் இரண்டே புள்ளிதான் வித்தியாசம், இடது மேல்மூலை ஒன்று, இடது கீழ்மூலை ஒன்று. B-யும் 8-ம் மூன்று புள்ளியில் பிரிகின்றன, மூன்றும் இடது ஓரத்திலேயே இருக்கின்றன. அந்தப் பக்கம் மை லேசாக விட்டுப்போனால் B அப்படியே 8 ஆகிவிடும். கம்ப்யூட்டர் திரையில் அழகான எழுத்துருவில் பார்த்துவிட்டு "0-க்கும் O-வுக்கும் நன்றாகத்தானே வித்தியாசம் தெரிகிறது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அச்சகத்தில் நூறு சீட்டு ஓட்டச் சொல்லி, அதைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பார்த்த பிறகு பேசலாம்.

இரண்டாவது வழியில் எதிரி காது. நம் ஊர் உதவி எண்ணுக்கு என்று சில தனிச் சிக்கல்கள் உண்டு, வெளிநாட்டுப் பட்டியல்களில் அவை இருக்காது. T-யும் D-யும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி'. P-யும் B-யும் 'பி'. பேசும்போதும் பலரிடம் அந்த வித்தியாசம் கேட்காது. M, N என்பவை எந்த மொழிக்காரருக்கும் தொல்லைதான். எல்லாவற்றையும் விட வேடிக்கையானது, எழுத்தை ஆங்கிலத்திலும் எண்ணைத் தமிழிலும் கலந்து சொல்வதால் வருவது. புதிய சுற்றின் பத்து எழுத்துக் கோட்டைச் சொல்லும் அழைப்பு ஒன்று இப்படிப் போகும்:

"ஏழு, கே, பி, நாலு, என்... எக்ஸ், ஒம்போது, டி, ஆர், எச்."

"அம்மா, ஆரா, ஆறா?"

"ஆருதாம்மா!"

R-ஐ 'ஆர்' என்கிறோம், 6-ஐ 'ஆறு' என்கிறோம். போனில் இரண்டும் ஒன்றுதான். இந்த ஜோடியை நான் பார்த்த எந்தத் தயார் எழுத்துப் பட்டியலும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தயார்ப் பட்டியல்கள் ஏன் போதவில்லை

இந்த வேலைக்கு ஏற்கெனவே புழங்கும் பட்டியல்கள் சில உண்டு. டக்ளஸ் கிராக்ஃபோர்டின் பேஸ்32, I, L, O, U என்ற நான்கை விட்டுவிட்டு 32 எழுத்துகளை வைத்துக்கொள்கிறது. யாராவது O என்று தட்டினால் 0 என்றும், I அல்லது L தட்டினால் 1 என்றும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் S-5, Z-2, B-8 எல்லாம் ஜோடியோடு உள்ளேயே இருக்கின்றன, புள்ளி அச்சுக்கு அது ஆகாது. பிட்காயின் முகவரிகளில் வரும் பேஸ்58, 0, O, I, l ஆகியவற்றை மட்டும் நீக்குகிறது. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வருவதால் அதை வாயால் சொல்லவே முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 25 எழுத்துச் சாவிகள் 24 எழுத்துகளை மட்டும் பயன்படுத்தின. உயிரெழுத்து ஒன்றும் கிடையாது, 0, 1, 5 கிடையாது, M உண்டு, N கிடையாது. யாரோ போனில் சொல்லிப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனாலும் B, 8 இரண்டும் உண்டு, G, 6 இரண்டும் உண்டு.

அதனால் நாங்களே ஒன்று செய்தோம். முதலில் 0, 1, O, I, L, Q ஆறும் வெளியே. S, Z, B, G நான்கையும் எடுத்துவிட்டு 5, 2, 8, 6 ஆகிய எண்களை வைத்துக்கொண்டோம். B போனதால் P-B காதுக் குழப்பமும் தானாகத் தீர்ந்தது. அப்புறம் மிச்சமிருந்த உயிரெழுத்துகள் A, E, U. இவை இருந்தால் என்றைக்காவது ஒரு கெட்ட வார்த்தை அச்சாகி யாராவது அதைப் படம் எடுத்துப் போடுவார்கள், அதனால் அவையும் வெளியே. உயிரெழுத்தை முழுங்கிச் சுருக்கித் திட்டுவதும் நம்மிடம் உண்டு என்பதால், நாலைந்து மெய்யெழுத்துக் கூட்டங்களைத் தடைப் பட்டியலாகவும் வைத்தோம்.

E போனதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பழைய சுற்றில் 48213E67 மாதிரி ஒரு கோடு வந்து, அச்சகத்தில் அந்த சிஎஸ்வி ஃபைலை எக்செலில் திறந்தால், எக்செல் அதை அறிவியல் குறியீட்டு எண் என்று நினைத்து 4.82E+71 என்று மாற்றிவிடும். சேமித்து அச்சுக்கு அனுப்பினால் சீட்டிலும் அதுதான் வரும். இப்போது E-யும் இல்லை, முன்னால் வந்து காணாமல் போகும் 0-வும் இல்லை. எக்செல் கெடுக்க வழி குறைந்துவிட்டது.

கடைசியில் நின்றவை 23:

```
23456789CDFHJKMNPRTVWXY
```

D-T, M-N, R-6 ஆகிய காது ஜோடிகள் இதில் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. கண்ணில் வரும் பிழையை எழுத்துப் பட்டியலே தடுக்கட்டும், காதில் வரும் பிழையை, மற்ற எழுத்துகளிலிருந்து கணக்கிட்டுக் கடைசியில் சேர்க்கும் சரிபார்ப்பு எழுத்து பிடிக்கட்டும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அழைப்பவர்களை விடப் பார்த்துத் தட்டுபவர்கள் பல மடங்கு அதிகம் என்பது ஒரு காரணம். 23 ஒரு பகா எண் என்பது இன்னொரு காரணம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்து குறைந்தால் எண்ணிக்கை போதுமா

36-ஐ 23 ஆக்கினால் கோடுகள் தீர்ந்துபோகாதா என்று கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 36 எழுத்தில் எட்டு இடம் என்றால் சுமார் 2.82 லட்சம் கோடி வாய்ப்புகள். 23 எழுத்தில் எட்டு இடம் என்றால் 7,831 கோடிதான். பெரிய வீழ்ச்சி மாதிரி தெரியும். ஆனால் நீளத்தை ஒன்பது ஆக்கினால் அதுவே 1.8 லட்சம் கோடி ஆகிவிடுகிறது. 13 எழுத்துகளைத் தூக்கி எறிந்ததற்கு விலை, ஏறக்குறைய ஒரே ஒரு இடம். குழப்பமில்லாத ஒன்பது எழுத்தைத் தட்டுவது, குழப்பமான எட்டைத் தட்டுவதை விடச் சுலபம்.

'5 லட்சம் கோடுதானே வேண்டும், ஐந்து எழுத்தே போதுமே' என்று நினைக்கத் தோன்றும். தேவையான எண்ணிக்கையை வைத்து நீளம் முடிவாவதில்லை. குருட்டாம்போக்கில் தட்டுபவனுக்கு எத்தனை முயற்சிக்கு ஒன்று விழும் என்பதை வைத்துத்தான் முடிவாகிறது. எட்டு இடம் என்றால் 7,831 கோடியில் 5 லட்சம் உயிருள்ள கோடுகள், அதாவது சராசரியாக 1.57 லட்சம் முயற்சிக்கு ஒன்று. நொடிக்குப் பத்து முறை தட்டும் ஒரு சின்ன நிரல் நாலரை மணி நேரத்துக்குள் ஒன்றைப் பிடித்துவிடும். ஒன்பது இடம் என்றால் 36 லட்சம் முயற்சிக்கு ஒன்று, அதே வேகத்தில் நூறு மணி நேரம். 20 ரூபாய்க்காக நான்கு நாள். அதன் மேல் ஒரு மொபைல் எண்ணுக்கு இத்தனை முயற்சிதான் என்று கட்டுப்பாடும் வைத்தால், அந்த வேலைக்கு யாரும் வர மாட்டார்கள். கூப்பன் 2,000 ரூபாய் என்றால் இந்தக் கணக்கு மாறும், இன்னும் இரண்டு இடம் கூட்ட வேண்டும்.

ஒன்பது இடத்தோடு ஒரு சரிபார்ப்பு எழுத்து, ஆகப் பத்து. பத்து என்பது நம் கைக்குப் பழகிய நீளம். மொபைல் எண்ணைப் போலவே ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சடித்தோம்.

குலுக்கல்

```python
import secrets

A = "23456789CDFHJKMNPRTVWXY"
W = [2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10]

def check(body):
    s = sum(w * A.index(c) for w, c in zip(W, body))
    return A[-s % 23]

def new_code():
    body = "".join(secrets.choice(A) for _ in range(9))
    return body + check(body)
```

பைத்தானில் `random` இருக்க `secrets` ஏன்? `random`-க்குப் பின்னால் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற குலுக்கல் முறை. உருவகச் சோதனைகளுக்கு அருமையான கருவி, ரகசியத்துக்கு ஆகாது. அதன் 32-பிட் வெளியீடுகள் 624 தொடர்ச்சியாகக் கிடைத்தால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம். பாக்கெட்டுகளில் சிதறிப் போகும் சீட்டுகளை வைத்து யாரும் அதைச் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. நடைமுறையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. `random.seed`-க்குக் குலுக்கலைத் தொடங்கும் விதை எண்ணாகத் தேதியைக் கொடுத்து ஓட்டுபவர்கள் உண்டு. அந்தத் தேதியையும் நிரலையும் தெரிந்த ஒருவர், முழுப் பட்டியலையும் வீட்டில் உட்கார்ந்து மறுபடி அச்சு அசலாக எடுத்துவிடலாம். `secrets`-ல் விதை என்ற பேச்சே இல்லை.

வேறு மொழியில் எழுதுபவர்கள் ஒரு பைட்டை எடுத்து 23-ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். 256-ல் 23 பதினொரு முறை போய் 3 மிஞ்சும். அதனால் முதல் மூன்று எழுத்துகளான 2, 3, 4 மட்டும் மற்றவற்றை விட ஒன்பது சதவீதம் அதிகமாக வரும். இது தன்னாலே கண்ணில் படாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். 5 லட்சம் கோடில் 45 லட்சம் குலுக்கல் எழுத்துகள். ஒவ்வொன்றும் சுமார் 1,95,650 முறை வர வேண்டும், ஆயிரத்துச் சொச்சம் முன்னே பின்னே இருக்கலாம். 2, 3, 4 மட்டும் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டி நின்றால் குற்றவாளி இந்த மீதிக் கணக்குதான். வழி எளிது: 252-க்கு மேல் மிஞ்சுகிற 253, 254, 255 ஆகிய மூன்று மதிப்புகள் வந்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு பைட் எடுக்க வேண்டும். `secrets.choice` இந்தச் சாய்வு வராதபடி தானே பார்த்துக்கொள்கிறது.

ஒரே கோடு இரண்டு முறை விழுமா? 1.8 லட்சம் கோடியில் 5 லட்சம் எடுக்கும்போது, எங்காவது ஒரு ஜோடி ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு. சின்னதுதான், ஆனால் விட்டுவிட முடியாது. டேட்டாபேஸில் கோடு இருக்கும் நெடுவரிசையில் ஒரே மதிப்பு இருமுறை வராதபடி `UNIQUE` போட்டு, மோதினால் இன்னொன்று குலுக்கச் சொன்னோம். வேறு வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

சரிபார்ப்பு எழுத்து என்ன பிடிக்கிறது

ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியலில் அதன் இடமே மதிப்பு. 2-க்கு 0, 3-க்கு 1, இப்படிப் போய் Y-க்கு 22. இடத்துக்கு இடம் எடை மாறுகிறது, 2 முதல் 10 வரை. கடைசி எழுத்துக்கு எடை 1. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் 23-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண்கள் 11-ஐ வைத்துச் செய்ததும் இதையேதான்.

மேலே அழைப்பில் வந்த 7KP4N X9TRH-ஐயே எடுப்போம். முதல் ஒன்பது எழுத்துகளின் கூட்டல் 748. H-இன் மதிப்பு 11. மொத்தம் 759, அதாவது 23 × 33. சரி. இப்போது உதவி எண்ணில் இருப்பவர் N-ஐ M என்று கேட்டுத் தட்டுகிறார். மதிப்பு ஒன்று குறைகிறது, எடை 6, ஆக மொத்தம் 753. 23-ஆல் வகுத்தால் 17 மிச்சம், கோடு தள்ளப்படுகிறது. அல்லது R-ஐ 6 என்று எடுத்தால் 130 குறைந்து 629. மிச்சம் 8. அதுவும் தள்ளப்படுகிறது.

இங்கேதான் பகா எண் உதவிக்கு வருகிறது. 23-க்கு 1-ஐயும் 23-ஐயும் தவிரக் காரணிகள் இல்லாததால், எடையும் மதிப்பு வித்தியாசமும் பெருகி 23-இன் மடங்காகவே முடியாது. ஓர் எழுத்து மட்டும் மாறினால் எந்த எழுத்தானாலும் கட்டாயம் பிடிபடும். எடைகள் எல்லாம் வேறு வேறு என்பதால், எந்த இரண்டு எழுத்து இடம் மாறினாலும் அதுவும் பிடிபடும். 24 எழுத்து வைத்திருந்தால் இந்த உத்தரவாதத்தை இவ்வளவு சுலபமாகத் தர முடியாது. இரண்டு மூன்று எழுத்துகள் ஒரே சமயத்தில் தப்பானால் சுமார் இருபத்து மூன்றில் ஒன்று நழுவும்.

உதவி எண் திரைக்கு மட்டும் ஒரு வசதி கூடுதலாகச் செய்தோம். கோடு தள்ளப்பட்டால், M-N, D-T, R-6 ஜோடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும். 7KP4M X9TRH-இல் M-ஐ N ஆக்கினால் மீதி சுத்தமாகப் போகிறது. T-ஐ D ஆக்கினால் 5 மிச்சம், R-ஐ 6 ஆக்கினால் 2 மிச்சம். ஆக ஒரே விடைதான். திரையில் 'ஐந்தாவது எழுத்து N-ஆ என்று கேட்கவும்' என்று வரும். "அம்மா, என் ஃபார் நாகப்பட்டினமா, எம் ஃபார் மதுரையா?" என்று கேட்டால் முடிந்தது. இந்த வசதியைப் பொதுப் பக்கத்தில் வைக்கவில்லை, ஊகிப்பவனுக்கு நாமே உதவுவதாகிவிடும்.

பொதுப் பக்கத்தில் வேறு ஒரு சலுகை கொடுத்தோம். S தட்டினால் அது 5-ஆகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் S எங்குமே அச்சாகவில்லை. அதேபோல் Z என்றால் 2, B என்றால் 8, G என்றால் 6, U என்றால் V. O, 0, Q தட்டினால் D என்று எடுத்துக்கொண்டோம், தவறாக இருந்தால் சரிபார்ப்பு தள்ளிவிடும். சின்ன எழுத்து, இடைவெளி, இடைக்கோடு எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் சரி செய்துகொண்டோம்.

சரிபார்ப்பு எழுத்தைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அது பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. விதி தெரிந்தவன் பத்தாவது எழுத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்வான், அவனுக்கு எதிரே இருப்பது ஒன்பது இடம் மட்டுமே. அதனால்தான் நீளத்தை முடிவு செய்யும்போது அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மறைமுகமாக ஓர் உதவி செய்கிறது. நேர்மையான கைப்பிழை பெரும்பாலும் சரிபார்ப்பிலேயே நின்றுவிடும். அதை முயற்சிக் கணக்கில் சேர்க்காமல் 'ஓர் எழுத்து மாறியிருக்கிறது, சீட்டை மறுபடி பாருங்கள்' என்று சொன்னால் போதும். சரிபார்ப்பில் தேறிய பிறகும் பட்டியலில் இல்லாத கோடு வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதை மட்டும் தனியாகப் பதிவு செய்து, ஒரே எண்ணிலிருந்தோ ஒரே இணைப்பிலிருந்தோ சில வந்தவுடன் நிறுத்தச் சொன்னோம்.

எழுத்துப் பட்டியலால் தீராத ஓட்டை ஒன்று உண்டு, அது அச்சகத்துக்குப் போகும் ஃபைல். 5 லட்சம் கோடும் அதில் வரிசையாக இருக்கிறது, யாரும் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதனால் எல்லாக் கோடுகளும் முதலில் செயலற்ற நிலையில்தான் டேட்டாபேஸில் இருக்கும். எந்தப் பெட்டி குடோனை விட்டுக் கிளம்புகிறதோ அந்தப் பெட்டிக்குரிய கோடுகளை மட்டும் அன்றைக்குத் திறந்துவிடுவார்கள். இன்னும் கிளம்பாத பெட்டியின் கோடு ஒன்று பக்கத்தில் தட்டப்பட்டால், அது அச்சகத்திலிருந்தோ குடோனிலிருந்தோ கசிந்திருக்கிறது. எந்தப் பெட்டி என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.